"உங்களைத் தேர்வு செய்யவில்லை, காரணம் இது": ஒரு ரிஜெக்‌ஷன் மெயில் எழுதும் முறை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு அக்கவுன்ட்ஸ் எக்சிக்யூட்டிவ் வேண்டும் என்று ஆள் தேடினோம். வந்த ரெஸ்யூமேக்களைச் சலித்து 5 பேரை நேரில் அழைத்தோம், ஒருவரை எடுத்தோம். மீதி 4 பேருக்கும் முடிவைச் சொல்லியாக வேண்டும். ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எடுத்தவருக்கு ஆஃபர் லெட்டர் அன்றைக்கே போய்விடும். எடுக்காதவருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தி, கடைசியில் எழுதாமலே விட்டுவிடுவார்கள்.

அந்த 4 மெயில்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். நம் ஊரில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். எந்த மொழியில் போனாலும் உள்ளே இருக்க வேண்டியது ஒன்றுதான்.

முதலில் ஒரு பிரிவினை. விண்ணப்பித்த எல்லோருக்கும் காரணம் எழுத வேண்டியதில்லை. ரெஸ்யூமே பார்த்த அளவிலேயே நின்றுபோனவருக்கு "இந்தப் பணிக்கு உங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டு வரி போதும். அவரைப் பற்றி நமக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. நேர்காணலுக்கு வந்தவர் கதை வேறு. லீவு போட்டு, பஸ் ஏறி வந்து, நம் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று நமக்குத் தெரியும், அதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மெயில் அவருக்கானது.

நான் சொல்லப்போகும் பெண் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 4 ஆண்டு வேலை பார்த்தவர். ஜவுளிக் கடைகள், அரிசி ஆலைகள் என்று உள்ளூர் வியாபாரிகளின் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் அவர் கையில். டேலியில் தடங்கல் இல்லாமல் வேலை செய்கிறார். சப்ளையர் பில்லைப் பதிவேற்றாமல் விட்டால் அதை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் GSTR-2B-யில் எப்படிக் கண்டுபிடித்துத் துரத்துவது என்று கேட்டோம். தான் மாதாமாதம் செய்வதை அப்படியே வரிசையாகச் சொன்னார்.

அடுத்த கேள்வி ஏற்றுமதி பற்றியது. வரி கட்டி ஏற்றுமதி செய்த சரக்குக்கு, கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. திரும்ப வர வேண்டும். அது வர, கஸ்டம்ஸிடம் போன ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் நம் விற்பனையைக் காட்டும் ரிட்டர்னான GSTR-1-இல் ஏற்றிய இன்வாய்ஸ் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் முழு எண்ணும் இன்னொன்றில் கடைசி இரண்டு இலக்கமும் இருந்தால்கூட `SB005` என்ற பிழை வந்து பணம் நின்றுவிடும். "இந்தப் பிழை வந்தால் முதலில் எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேட்டோம். "இதுவரை நான் இதைப் பார்த்ததில்லை சார், கஸ்டம்ஸ் ஏஜென்ட்டைத்தான் கேட்பேன்" என்றார். உண்மையான பதில். ஆனால் இந்த வேலையில் பாதி நேரம் இதுதான். முன்பு பார்த்தவர் போய்விட்டார், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இடைவெளி என்று நான் சொல்வது இதைத்தான். அதற்கு மூன்று பகுதி உண்டு: வேலைக்கு என்ன வேண்டும், நேர்காணலில் நாம் என்ன பார்த்தோம், இரண்டுக்கும் நடுவில் எது இல்லை. முதல் பகுதி ஜே.டி.யிலிருந்து, அதாவது வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று நாம் எழுதிவைத்த விவரத்திலிருந்து வர வேண்டும். இரண்டாவது, நேர்காணல் நடக்கும்போதே எழுதிய குறிப்பிலிருந்து வர வேண்டும். இரண்டும் கையில் இருந்தால் மூன்றாவது தானாகவே வந்துவிடும். குறிப்பு எழுதாமல் நான்கு நாள் கழித்து நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால், "கொஞ்சம் தயக்கமாக இருந்தார்", "அவ்வளவாகச் செட் ஆகவில்லை" என்று ஆளைப் பற்றிய எண்ணம்தான் மிஞ்சும். எதைக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பது மறந்துபோயிருக்கும். எனவே நேர்காணல் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, கேண்டிடேட் சொன்ன பதிலை அவர் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். மேலே இருக்கும் அந்தப் பதில் அப்படி எழுதிவைத்ததுதான்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி இந்த மெயிலுக்கு முதலில் எழுதிக் கொண்டுவந்தது இது:

> தங்கள் ஆர்வத்திற்கு மிக்க நன்றி. தங்களின் சுயவிவரம் மிகவும் சிறப்பாக இருந்தது. துரதிர்ஷ்டவசமாக, தற்போதைய தேவைக்கு மேலும் பொருத்தமான விண்ணப்பதாரர் தேர்வு செய்யப்பட்டுள்ளபடியால் தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் விவரங்கள் எதிர்கால வாய்ப்புகளுக்காகப் பாதுகாக்கப்படும். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்து முடித்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? வேலை கிடைக்கவில்லை என்பது மட்டும். சுயவிவரம் மிகவும் சிறப்பு என்றால் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி அவருக்குக் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். சம்பளம் அதிகமாகக் கேட்டுவிட்டோமா, பேசிய விதம் பிடிக்கவில்லையா, உள்ளே ஏற்கெனவே ஆள் பார்த்துவைத்திருந்தார்களா என்று தேவையில்லாததையெல்லாம் யோசிப்பார். இதே மெயிலை டிரைவர் வேலைக்கும் அனுப்பலாம், டிசைனர் வேலைக்கும் அனுப்பலாம். எனவே அவருக்கு இதில் பயன் எதுவும் இல்லை.

"இயலவில்லை" என்ற சொல்லையும் கவனியுங்கள். எடுக்க நினைத்தோம், ஏதோ ஒன்று தடுத்துவிட்டது என்பது போல அது ஒலிக்கிறது. தடுத்தது யாரும் இல்லை. முடிவெடுத்தது நாம். "துரதிர்ஷ்டவசமாக" என்பதும் அப்படித்தான், இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. "தேர்வு செய்யவில்லை" என்று எழுத முதலில் கை கூசும். ஆனால் படிக்கிறவருக்கு அதில் சந்தேகமே வராது. இன்னும் வாய்ப்பு இருக்கிறதோ என்று காத்திருக்கவும் மாட்டார்.

இது வேண்டாம் என்றதும் தம்பி மறு எல்லைக்குப் போய்விட்டார். "உங்களுக்கு ஏற்றுமதி அறிவு போதாது. தன்னம்பிக்கையும் குறைவாக உள்ளது" என்று எழுதினார். இதில் முதல் வரி ஓரளவு உண்மை, ஆனால் ஆள் மேல் போடும் தீர்ப்பாக இருக்கிறது. இரண்டாவது வரிக்கு நம்மிடம் ஆதாரமே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் நேராகச் சொன்னதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதுவது அநியாயம். அடுத்த நேர்காணலில் அவர் தெரிந்ததுபோல் நடிக்கத்தான் இது கற்றுக்கொடுக்கும்.

கடைசியில் போன மெயில் இது:

> பொருள்: அக்கவுன்ட்ஸ் எக்சிக்யூட்டிவ் பணி – நேர்காணல் முடிவு
>
> வணக்கம்.
>
> செவ்வாய்க்கிழமை நேரில் வந்து எங்களுடன் பேசியதற்கு நன்றி. இந்தப் பணிக்கு உங்களைத் தேர்வு செய்யவில்லை.
>
> காரணம்: இந்தப் பணியில் பாதி நேரம் ஏற்றுமதி ரீஃபண்ட் வேலை. சேர்ந்த முதல் மாதமே அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், சொல்லிக்கொடுக்க இப்போது எங்களிடம் ஆள் இல்லை. ஷிப்பிங் பில்லில் `SB005` பிழை பற்றிக் கேட்டபோது, அதை இதுவரை கையாண்டதில்லை என்று சொன்னீர்கள். உள்நாட்டு ஜி.எஸ்.டி. வேலையில் எங்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. GSTR-2B-யைச் சரிபார்க்கும் முறையை நீங்கள் சொன்னது தெளிவாக இருந்தது.
>
> ஏற்றுமதி ரீஃபண்டை ஆறு மாதமாவது நேரடியாகப் பார்த்த பிறகு, எங்களிடம் இதே மாதிரிப் பணி வந்தால் விண்ணப்பியுங்கள். இது பற்றிக் கேட்க விரும்பினால் வெள்ளி மாலைக்குள் கீழே உள்ள எண்ணில் அழைக்கலாம்.

அவ்வளவுதான். போனில் திறந்தால் ஒரு தடவை தள்ளுவதற்குள் முடிந்துவிடும் நீளம். முடிவு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பாராட்டை முன்னால் வைத்திருந்தால், "ஆனால்" எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டேதான் அவர் படிப்பார், பாராட்டு மனதில் ஏறாது. முடிவு தெரிந்த பிறகு வரும் பாராட்டுக்குத்தான் மதிப்பு. அதுவும் குறிப்பாக இருக்க வேண்டும். "உங்கள் அனுபவம் சிறப்பு" என்பதை யாருக்கும் எழுதலாம். 2B பற்றிய வரியை அந்த அறையில் இருந்தவர்தான் எழுத முடியும்.

காரணப் பத்தியில் எழுவாயைப் பாருங்கள். "இந்தப் பணியில்", "எங்களிடம் ஆள் இல்லை" என்று முதலில் வேலையின் நிலைமை வருகிறது. சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் அவரை எடுத்திருக்கலாம் என்பது இதிலேயே தெரிகிறது. அவரிடம் இல்லாதது என்று வரும் ஒரே செய்தி அவரே சொன்னது. நாம் கணித்தது எதுவும் இல்லை. மெயிலின் கனிவு இந்த அடுக்கில் இருந்துதான் வருகிறது. "வருந்துகிறோம்" என்று மூன்று முறை எழுதினாலும் அது வராது.

நேர்காணல் தாளில் இன்னொரு குறிப்பும் இருந்தது: ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது சுமார் என்று. அதை ஏன் எழுதவில்லை என்று தம்பி கேட்டார். எந்தக் குறையை எழுதுவது என்று முடிவு செய்ய எனக்கு ஒரே கேள்விதான்: இது மட்டும் சரியாக இருந்திருந்தால் எடுத்திருப்போமா? ஏற்றுமதி ரீஃபண்ட் தெரிந்திருந்தால் அவரை எடுத்திருப்போம். ஆங்கிலம் நன்றாக இருந்து ரீஃபண்ட் தெரியாமல் இருந்தால் எடுத்திருக்க மாட்டோம். ஆகவே முடிவை மாற்றியது ரீஃபண்ட்தான். மற்றதைச் சேர்த்தால் ஒரு காரணம் குறைப்பட்டியலாக மாறிவிடும், முக்கியமானது எது என்பதும் அதில் அமுங்கிப்போகும். இரண்டு குறைகள் சேர்ந்துதான் முடிவு என்றால் இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவது ஒன்றை எழுதத் தோன்றினால், நம் மனதிலேயே காரணம் தெளிவாகவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அனுப்பும் முன் இன்னொரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். எழுதிய காரணத்தை, நாம் எடுத்த ஆளின் ரெஸ்யூமேக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வேலைக்கு எடுத்தவர் 2 ஆண்டு மட்டுமே அனுபவம் உள்ளவர், ஆனால் அந்த 2 ஆண்டும் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில். எனவே மேலே எழுதிய காரணம் நிற்கிறது. அதற்குப் பதிலாக "இன்னும் கூடுதல் ஆண்டு அனுபவம் உள்ளவரை எதிர்பார்த்தோம்" என்று வழக்கமான வரியை எழுதியிருந்தால், அது பொய்யாகியிருக்கும். இரண்டே மாதத்தில் லிங்க்ட்இன்னில் பார்த்து அந்தப் பெண்ணே கண்டுபிடித்துவிடுவார். திருப்பூர், ஈரோடு அக்கவுன்ட்ஸ் வட்டத்தில் அது கூடத் தேவையில்லை, யாராவது சொல்லிவிடுவார்கள்.

சில சமயம் காரணம் திறமையே இல்லை. சம்பளம் ஒத்துவரவில்லை, அல்லது நோட்டீஸ் பீரியட் 90 நாள், நமக்கு ஆள் அடுத்த மாதமே வேண்டும். அப்போது அதையே எழுதுங்கள்: "இந்தப் பணிக்கு ஒதுக்கிய சம்பளம் நீங்கள் கேட்டதைவிடக் குறைவு, அதைக் கூட்ட எங்களிடம் வழியில்லை." இதை மறைத்து ஒரு திறமைக் குறையைத் தேடி எழுதினால், நன்றாக இருக்கும் ஒன்றைத் திருத்த அவர் பாடுபடுவார்.

எழுதவே முடியாத காரணங்களும் உண்டு. கல்யாணம் ஆகப்போகிறது, கைக்குழந்தை இருக்கிறது, வயது அதிகம், இன்ன ஊர், இன்ன சாதி. ஆட்சேர்ப்பில் பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டமே சொன்னது, அதன் இடத்தில் வந்த 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. மேனேஜர் சொன்ன காரணத்தை மெயிலில் எழுதக் கூசுகிறது என்றால் மெயிலை மெருகேற்றிப் பயனில்லை. மேனேஜரிடம் திரும்பிப்போய், "இதை நான் எழுத முடியாது, வேலை சம்பந்தமான காரணம் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். நான் அப்படிக் கேட்டுக் கசப்பானதும் உண்டு, முடிவு மாறியதும் உண்டு. "கல்ச்சர் ஃபிட் இல்லை" என்பதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். அதைச் சொன்னவரிடம் "எந்தக் கேள்விக்கு, என்ன பதில் சொன்னார்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அதை எழுதலாம், வராவிட்டால் அது காரணமே இல்லை.

எப்போது அனுப்புவது? இரண்டாவது இடத்தில் இருப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு, முடிவான மறுநாளே. இரண்டாவது இடத்தில் இருப்பவர் விஷயம் கொஞ்சம் சங்கடம். முதல் ஆள் ஆஃபரை ஏற்காமல் போனால் இவரைத்தான் அழைப்போம். அவருக்கு "இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்று தேதி போட்டு எழுதிவிட்டு, அந்தத் தேதியைத் தவறாமல் காப்பாற்ற வேண்டும். கடைசிச் சுற்றுவரை மூன்று நான்கு முறை வந்துபோனவருக்கு முதலில் போன் செய்துவிட்டு, பேசியதையே பிறகு மெயிலாக அனுப்புவதுதான் முறை.

மெயில் சரியாக இருந்ததா என்று வரும் பதிலே சொல்லிவிடும். "ஏன் சார் எடுக்கவில்லை?" என்று வந்தால் காரணம் தெளிவாகவில்லை. "ரீஃபண்ட் வேலை கற்க எங்கே சேரலாம்?" என்று வந்தால் தெளிவாகிவிட்டது. சில நேரம் "எனக்கு அது தெரியுமே" என்று வரும். இதைப் பார்த்ததும் வாக்குவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நேர்காணல் தாளை எடுத்து, அதை நாம் கேட்டோமா என்று முதலில் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு நிறுவனத்துக்காக ஒருவருக்கு "சம்பளப் பட்டியல், பி.எஃப். வேலையில் நேரடி அனுபவம் இல்லை" என்று எழுதினேன். அவர் அமைதியாகப் பதில் போட்டார்: "ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது சார். ஒன்றரை ஆண்டு, 200 பேருக்கு மாதாமாதம் நான்தான் பி.எஃப். தாக்கல் செய்தேன். நேர்காணலில் யாரும் கேட்கவில்லை." எடுத்துப் பார்த்தேன், இருந்தது. தாளில் பி.எஃப். பற்றி ஒரு கேள்விகூட இல்லை. காரணம் எழுதாமல் வழக்கமான மெயிலை அனுப்பியிருந்தால் இந்தத் தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. மன்னிப்புக் கேட்டு, மேனேஜரிடம் சொல்லி, அந்த வாரமே அவரை மறுபடி அழைத்துப் பேசினோம். அதற்குள் வேலைக்கு ஆள் சேர்ந்துவிட்டார், அவரை எடுக்க முடியவில்லை. அதையும் சுற்றிவளைக்காமல் எழுதினேன்: "இந்த முறை காரணம் உங்களிடம் இல்லை. நாங்கள் கேட்காமல் விட்டோம், இடம் நிரம்பிவிட்டது."

அதன் பிறகு "அனுபவம் இல்லை" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். "கேட்டபோது, கையாண்டதில்லை என்று சொன்னீர்கள்" என்று எழுதுகிறேன். இப்படி எழுத வேண்டுமானால் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஜே.டி.யில் கட்டாயம் என்று போட்ட ஒவ்வொன்றுக்கும் நேர்காணல் தாளில் ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று, கேண்டிடேட் உள்ளே வருவதற்கு முன்பே இப்போது சரிபார்த்துவிடுகிறேன்.